நாலு பில்லும் ஒரு வரியும்

மாதத்தின் 9-ஆம் தேதி, மாலை ஆறரை மணி. கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு சிறிய கம்பெனியின் கணக்குப் பிரிவில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரை டிப்போவில் போட்ட நாலு விற்பனை பில்களின் நகல் எனக்கு வரவில்லை. 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்தாக வேண்டும். மேசையில் காகிதம் குவிந்திருந்தது, தலை சுற்றியது. டிப்போவில் விற்பனையைப் பார்த்துக்கொள்பவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டேன்.

"பில் எங்க? உடனே அனுப்புங்க."

இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் இல்லை. மறுநாள் காலையிலும் இல்லை. பதினொரு மணிக்கு போன் செய்தேன். "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டார். 11-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு நாலு பில்லும் வந்தன. அவற்றில் இரண்டில் டீலரின் ஜிஎஸ்டி எண் பழையது. அந்த இரண்டையும் அந்த மாதத் தாக்கலில் சேர்க்க முடியவில்லை. 14-ஆம் தேதி டீலரின் கணக்கில் ஜிஎஸ்டிஆர்-2பி உருவானபோது எங்கள் பில்கள் அதில் இல்லை. வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியை இன்புட் கிரெடிட்டாக அந்த மாதம் அவரால் கழித்துக்கொள்ள முடியவில்லை. டீலர் முதலாளிக்கு போன் போட்டுவிட்டார்.

சில வாரம் கழித்து அந்த டிப்போக்காரர் கோவைக்கு வந்திருந்தபோது டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. டீலரின் கடை தனி ஆள் பெயரிலிருந்து கூட்டு நிறுவனமாக மாறியிருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே பான் எண் அடங்கியிருப்பதால், பான் மாறினால் ஜிஎஸ்டி எண்ணும் மாறும். புது எண்ணுக்கான சான்றிதழ் நகலை டீலரிடம் கேட்டுவிட்டு அவர் காத்துக்கொண்டிருந்தார். இது 9-ஆம் தேதியே அவருக்குத் தெரியும். "அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "நீங்க எங்க கேட்டீங்க? எங்கன்னுதானே கேட்டீங்க" என்றார்.

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. என் வரி அவருக்கு இரண்டே வழி விட்டிருந்தது: உடனே அனுப்புவது அல்லது அனுப்பாதவராக நிற்பது. நடுவில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று சொல்ல அதில் இடமில்லை. வேலையிடத்து மரியாதை என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி அந்த இடத்தை விட்டுவைப்பதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அதை எப்படி எழுத்தில் விடுவது என்பதை அந்த ஒரு வரியை வைத்தே பார்க்கலாம்.

குரல் செய்த வேலை

அதே சொற்களை நேரில் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. "பில் எங்கங்க?" என்று எதிர் மேசையிலிருந்து கேட்கும்போது 'எங்க' என்ற சொல் இழுபடும், முகத்தில் களைப்புத் தெரியும், கையில் காகிதக் கட்டு இருக்கும். கேட்பவருக்கு இது கோபமில்லை, அவசரம் என்று புரிந்துவிடும். திரையில் குரலும் முகமும் விழுந்துவிடுகின்றன. கேள்விக்குறியும் முற்றுப்புள்ளியும்தான் மிஞ்சுகின்றன.

எழுதுகிறவருக்கு இது தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. படிப்பவருக்கும் அது கேட்கும் என்று நம்பிவிடுகிறோம். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் சக ஆய்வாளர்களுடன் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. கிண்டலாகச் சொன்னதா, நிஜமாகச் சொன்னதா என்று மின்னஞ்சலில் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் உறுதியாக நம்பினார்கள். ஆனால் எழுத்தில் படித்தவர்கள் கண்டுபிடித்தது, நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்வதைவிடப் பெரிதாக மேலில்லை. அதே வாக்கியத்தைக் குரலில் கேட்டவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள்.

ஆகவே அனுப்பும் முன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. எழுதியதை, உங்களைக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவர் சொல்வதுபோல் மனதுக்குள் வாசித்துப் பாருங்கள். அப்போதும் அது வேலைச் செய்தியாகவே ஒலித்தால் அனுப்பலாம். "பில் எங்க? உடனே அனுப்புங்க" அந்தக் குரலில் திருட்டுக் குற்றச்சாட்டு மாதிரி ஒலிக்கிறது.

'ப்ளீஸ்' போட்டால் போதுமா?

முரட்டு வரியைத் திருத்தச் சொன்னால் பலரும் முதலில் செய்வது 'ப்ளீஸ்' சேர்ப்பதுதான். "ப்ளீஸ், பில்லை உடனே அனுப்பவும்." இது முன்னதைவிட மோசம். தமிழில் '-வும்' என்று முடியும் வினை அறிவிப்புப் பலகையின் மொழி. வரிசையில் நிற்கவும், சில்லறை கொடுக்கவும் என்று சுவரில் எழுதியிருப்பது. பக்கத்து மேசைக்காரருக்கு அதை எழுதினால் நாம் மனிதரோடு பேசாமல் சுற்றறிக்கை விடுவதாகத் தோன்றும். முன்னால் நிற்கும் 'ப்ளீஸ்' பொறுமை தீர்ந்தவரின் பெருமூச்சாகிவிடுகிறது.

'தயவுசெய்து' என்பதும் அன்றாடப் பேச்சில் நாம் அதிகம் பயன்படுத்தாத சொல். அம்மாவிடம் "தயவுசெய்து தண்ணி கொடுங்க" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வீட்டில் ஏதோ சண்டை என்று பொருள். நம் மொழி பணிவைத் தனிச்சொல்லில் வைப்பதைவிட வினையின் வாலில்தான் வைத்திருக்கிறது. "அனுப்பு" என்பது கட்டளை. "அனுப்புங்க" என்பதில் மரியாதை உண்டு, கட்டளை போகவில்லை. "கொஞ்சம் அனுப்புங்க" என்றால் கேட்பது சின்ன வேலை என்று சொல்லிவிடுகிறோம். இங்கே 'கொஞ்சம்' அளவைக் குறிப்பதில்லை, பாரத்தைக் குறைக்கிறது. "அனுப்புறீங்களா?" என்று கேள்வியாக்கினால் முடிவு அவர் கைக்குப் போகிறது. "அனுப்ப முடியுமா?" என்றால் அவர் நிலைமையையும் கேட்டுவிடுகிறோம். "அனுப்பித் தர முடியுமா?" என்பதில் வரும் 'தர', இது எனக்குச் செய்யும் உதவி என்று ஒப்புக்கொள்கிறது.

ஒரு எச்சரிக்கை 'அனுப்பிடுங்க' பற்றி. 'விடு' என்ற துணைவினை செயலை முடித்துவிடச் சொல்கிறது. நேரில் சிரித்துக்கொண்டே சொன்னால் இயல்பாக இருக்கும். எழுத்தில், குறிப்பாக 'உடனே' என்பதோடு சேர்ந்தால், தொல்லையை முடித்துத் தொலை என்று படிக்கவும் இடமுண்டு. 'இன்னும்' என்ற சொல்லும் அப்படித்தான். "பில் இன்னும் வரல" என்பதில் அந்த ஒரு சொல், எப்போதோ வந்திருக்க வேண்டும் என்று குற்றம் சொல்கிறது.

கோவை மாவட்டத்துக் கிராமம் சொன்ன கணக்கு

எவ்வளவு பணிவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அது உருவானதில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது. பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் பணிவைப் பற்றி 1978-இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். அது 1987-இல் தனி நூலாக வந்தது. அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவில் மாயா இந்தியர்கள் பேசும் செல்தால், கோவை மாவட்டக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். எதற்கெடுத்தாலும் 'ங்க' ஒட்டிப் பேசும் கொங்கு நாட்டுப் பேச்சு, பணிவைப் பற்றிய உலகறிந்த ஆய்வு ஒன்றுக்கு அடிப்படைச் சான்றாகியிருக்கிறது.

அவர்கள் சொன்னது இது. ஒருவரிடம் எதைக் கேட்டாலும் அவர் முகத்தை, அதாவது நாலு பேர் நடுவில் அவருக்குள்ள மதிப்பையும் தன் போக்கில் இருக்கும் சுதந்திரத்தையும், கொஞ்சம் உரசுகிறோம். உரசல் எவ்வளவு என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: இருவருக்கும் இடையே உள்ள பழக்கத்தின் தூரம், நம்மீது அவருக்குள்ள அதிகாரம், கேட்கும் காரியத்தின் பாரம். மூன்றையும் கூட்டிப் பார்த்தால், எவ்வளவு சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எல்லாச் சமூகங்களுக்கும் இது அப்படியே பொருந்தாது என்று பிறகு வந்த ஆய்வாளர்கள், குறிப்பாக ஜப்பானியர்கள், மறுத்திருக்கிறார்கள். அலுவலகத்துக் கோரிக்கைக்கு ஒரு கைத்தராசாக இது போதும்.

என் வரியை அந்தத் தராசில் வைத்தேன். டிப்போக்காரரை இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன், தூரம் அதிகம். அதிகாரம் இருவருக்கும் ஏறக்குறைய சமம். காரியம் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது, நாலு காகிதத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதானே? ஆனால் அவருக்கு அது டீலரைத் துரத்திச் சான்றிதழ் வாங்கி, பில்லைத் திருத்தும் வேலை. பாரத்தை நான் என் பக்கத்திலிருந்து மட்டும் நிறுத்திருந்தேன். அங்கேதான் கணக்குத் தவறியது.

வரியைப் பிரித்துக் கட்டுதல்

இனி திருத்தத்துக்கு வருவோம். முதலில் 'பில்' என்ற சொல். எந்த பில்? டிப்போவில் மாதம் நாற்பது, ஐம்பது பில் போடுகிறார்கள். எண்ணைச் சொல்லாவிட்டால் தேடும் வேலையும் அவர் தலையில் விழும். என் பதிவேட்டைப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும்: 112 முதல் 115 வரை. அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிப்பது, எந்தப் பணிவுச் சொல்லையும்விடப் பெரிய மரியாதை.

அடுத்தது 'எங்க?'. கேள்வி மாதிரி இருந்தாலும் இது கேள்வியில்லை, நீ அனுப்பவில்லை என்ற புகார். உண்மையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் கைக்கு வரவில்லை. அவர் வேறு யாருக்காவது அனுப்பியிருக்கலாம். தமிழ் இதற்கு அழகாக இடம் தருகிறது. "நீங்க அனுப்பல" என்பதை "எனக்கு வந்து சேரல" என்று திருப்பினால் ஆள் மறைந்து பொருள் முன்னால் வருகிறது. சொல்வதும் நமக்கு நிச்சயமாகத் தெரிந்தது மட்டும்தான்.

மூன்றாவது 'உடனே'. இதில் அவசரம் இருக்கிறது, நேரம் இல்லை. அவர் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டுமா, நாளை காலை போதுமா? எனக்கு உண்மையில் வேண்டியது மறுநாள் மதியம். அப்போது கிடைத்தால் மாலைக்குள் பதிந்து, 11-ஆம் தேதி காலையில் சரிபார்த்துத் தாக்கல் செய்யலாம். 'நாளைக்கு மதியம் 12 மணிக்குள்ள' என்று எழுதினால் அவருக்குப் பாதி நாள் கிடைக்கிறது, எனக்கும் நிச்சயம் கிடைக்கிறது.

நாலாவது காரணம். காரணம் சொல்வது கெஞ்சுவதில்லை. தாக்கல் தேதியையும், தவறினால் டீலருக்கு இன்புட் கிரெடிட் வராது என்பதையும் சொன்னால், இது என் சொந்த அவசரமில்லை, அவருடைய வாடிக்கையாளரின் காசு என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு வாக்கியம் போதும். மூன்று வாக்கியம் ஆனால் பாடம் எடுப்பதாகிவிடும்.

கடைசியாக, நான் முதல்முறை மூடிவைத்த கதவு. சிக்கல் இருந்தால் சொல்லலாம், இருப்பதை மட்டும் அனுப்பலாம் என்று எழுதியே வைப்பது. எல்லாம் சேர்ந்தால் செய்தி இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். 112 முதல் 115 வரை 4 பில் எனக்கு வந்து சேரல. 11-ம் தேதி ஜிஎஸ்டி தாக்கல், அதுல விட்டுப்போனா டீலருக்கு இந்த மாசம் இன்புட் கிரெடிட் வராது. நாளைக்கு மதியம் 12 மணிக்குள்ள அனுப்பித் தர முடியுங்களா? ஏதாவது பில்லுல சிக்கல் இருந்தா இருக்கறதை மட்டும் அனுப்புங்க, மீதியைப் பேசிக்கலாம்."

இதில் 'ப்ளீஸ்' இல்லை, 'தயவுசெய்து' இல்லை, மன்னிப்பும் இல்லை. படித்து முடித்தவர் திரும்ப எதையும் கேட்க வேண்டியதில்லை. "எந்த பில்?", "எப்ப வேணும்?", "எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்ற மூன்றில் எது திரும்பி வந்தாலும் செய்தியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

ஆள் மாறினால் எது மாறும்?

பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்த நண்பருக்கு இதையே அனுப்பினால், என்னடா இவனுக்கு ஆச்சு என்று நினைப்பார். அவருக்கு "மாப்ள, 112-லேர்ந்து 115 வரைக்கும் பில் வரலடா. நாளைக்கு 12-க்குள்ள வேணும், ஏதாச்சும் சிக்கல்னா சொல்லு" போதும். மேலாளரிடம் கேட்பதானால் "மேடம், நீங்க கையெழுத்துப் போட வேண்டிய 112 முதல் 115 வரைக்கும் உள்ள பில்களை உங்க மேசையில வெச்சிருக்கேன். நாளைக்கு மதியத்துக்குள்ள கிடைச்சா 11-ம் தேதி தாக்கலுக்குச் சரியா இருக்கும்" என்று எழுதுவேன். இங்கே கேள்விகூட இல்லை, நிலைமையைச் சொல்லி நிறுத்துகிறோம். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பில் எண்ணும் நேரமும் மூன்றிலும் அப்படியே இருக்கின்றன. விளியும் வினையின் வாலும்தான் மாறுகின்றன.

மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் கேட்கும்போது வேறொரு சிக்கல் வரும். "முடிஞ்சா நாளைக்கு அனுப்புங்க" என்று மேலாளர் எழுதினால், உண்மையிலேயே முடிந்தால் போதுமா, இது கட்டளையா என்று புதிதாகச் சேர்ந்தவர் குழம்புவார். அனுப்பாமல் விட்டுவிட்டுத் திட்டும் வாங்குவார். கட்டாயம் வேண்டியதை விருப்பம்போல் கேட்பது மரியாதை ஆகாது. "இது நாளைக்கு 12 மணிக்குக் கட்டாயம் வேணும். உங்ககிட்ட வேற வேலை இருந்தா சொல்லுங்க, அதைத் தள்ளிவைக்கலாம்" என்பது தெளிவும் மரியாதையும் சேர்ந்தது.

மிதமிஞ்சினால்

முரட்டு வரிக்குப் பயந்து எதிர்த்திசையில் ஓடுகிறவர்களும் உண்டு. வணக்கம், நலம் விசாரிப்பு, தொந்தரவுக்கு மன்னிப்பு, நேரம் கிடைத்தால், முடிந்தால் என்று ஆறு வரி போன பிறகு கோரிக்கை வரும். கைபேசியில் செய்தி வந்ததும் மேலே தெரிவது முதல் வரிதான். அதில் மன்னிப்பு மட்டும் தெரிந்தால், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவார்கள். "ஹாய் சார்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் இதே வகை. எதிரில் இருப்பவர் வேலையை நிறுத்தி "சொல்லுங்க" என்று தட்டி, பிறகு நாம் தட்டி முடிக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வணக்கமும் கோரிக்கையும் ஒரே செய்தியில் போகட்டும்.

எங்கே கேட்கிறோம் என்பதும் செய்தியின் ஒரு பகுதிதான். நான் எழுதிய நல்ல செய்தியையே, முதலாளியும் இருக்கும் குழுவில் போட்டிருந்தால், பணிவான சொற்களே குத்தலாகியிருக்கும். நாலு பேர் நடுவில் முகம் உரசப்படுவதைச் சொல்நயம் காப்பாற்றாது. முதலில் தனியாகக் கேட்பது, சொன்ன நேரம் தாண்டினால் ஒரு போன், அதற்குப் பிறகே குழு. நினைவூட்டும்போதும் பழைய செய்தியை அப்படியே திருப்பி அனுப்பாமல், நிலைமையில் மாறியதைச் சொன்னால் நெருக்குவதாக இருக்காது: "சார், மத்த டிப்போ பில் எல்லாம் பதிஞ்சாச்சு. உங்க நாலு வந்தா முடிச்சுடலாம்."

மொட்டை வரிதான் சரி என்ற இடமும் உண்டு. பம்ப் சோதனை மேடையில் ஆள் கை வைத்து வேலை பார்க்கும்போது "மெயின் சுவிட்ச் போடாதீங்க" என்று குரல் கொடுப்பவர் 'முடியுங்களா' சேர்க்க வேண்டியதில்லை. ஆபத்து வந்தால் முகத்தைவிட உயிர் பெரிது என்பது இருவருக்குமே தெரியும். பில் அந்த வகையில் சேராது.

டீக்கடைப் பேச்சுக்கு அடுத்த மாதம், மறுபடியும் 9-ஆம் தேதி. மூன்று பில் வரவில்லை. எண்ணைப் பார்த்து, நேரம் குறித்து, சிக்கல் இருந்தால் சொல்லுங்க என்று எழுதி அனுப்பினேன். கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

"131, 132 இப்ப அனுப்பறேனுங்க. 133 சரக்கு வண்டியிலேயே இருக்கு, டீலர் வேண்டாங்கறார், திருப்பி எடுக்கறோம். அந்த பில்லை என்ன பண்றதுன்னு உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

133-ஐ அப்படியே தாக்கலில் சேர்த்திருந்தால், நடக்காத விற்பனைக்கு வரி காட்டியிருப்போம். அந்த பில்லை ரத்து செய்வது எப்படி என்று அன்று மாலையே போனில் பேசி முடித்தோம்.